விக்ஸ் 65 காட்டிய அந்தக் காலை: ஆப்ஷன் விலை உண்மையில் எதைச் சொன்னது?

நிழல்மரம்

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி. 2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. ஜப்பானில் நிக்கேய் ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தது. அமெரிக்கச் சந்தை திறப்பதற்கு முன்பே, எஸ் அண்ட் பி 500 ஆப்ஷன் விலைகளிலிருந்து எடுக்கும் பய அளவுகோலான விக்ஸ் குறியீடு 65.73 வரை போனது. முந்தைய வெள்ளிக்கிழமை அது 23.39-ல் முடிந்திருந்தது. ஆனால் அதே திங்கள் மாலை 38.57-க்கு இறங்கிவிட்டது. எஸ் அண்ட் பி 500 அன்று விழுந்தது 3 சதவீதம்தான்.

இரண்டு விஷயம் புரியவில்லை. 65 என்றால் எதில் 65? சந்தை 65 சதவீதம் விழும் என்று யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தமா? அப்புறம், காலையில் 65, மாலையில் 38 என்றால் எந்த எண்ணை நம்புவது? சில மணி நேரத்தில் பயம் பாதியாகக் குறைந்துவிடுமா?

தெற்குக்காற்று

விழும் என்று அர்த்தம் இல்லை, நண்பரே. விக்ஸ் சொல்வது ஆண்டுக் கணக்கில் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதை மட்டும்தான். மேலேயா கீழேயா என்று அது சொல்லாது. நாள் கணக்குக்கு மாற்ற 16-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 252 வர்த்தக நாள், அதன் வர்க்கமூலம் 16-க்குப் பக்கத்தில் வரும். 65-ஐ 16-ஆல் வகுத்தால் 4. ஆக, அடுத்த ஒரு மாதம் சராசரியாகத் தினமும் 4 சதவீதம் ஆடும் என்று ஆப்ஷன் சந்தை எதிர்பார்த்தது. அவ்வளவு பயம் அன்று இருந்தது. மாலைக்குள் பயம் தெளிந்தது, எண்ணும் இறங்கியது. இதில் மர்மம் எதுவும் இல்லை.

மூன்றாம்படி

இதே விஷயத்தில் நான் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவுக்கு முந்தைய நாள் அதன் கால் ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை, வாங்கினேன். பங்கு விலை 1000, அந்தக் குறித்த விலையான ஸ்ட்ரைக்கும் 1000, முடிய 7 நாள் இருந்தது. பிரீமியம் 44. முடிவு நன்றாக வந்தது, மறுநாள் பங்கு 1020-க்கு ஏறியது. என் கால் 30-க்கு இறங்கியிருந்தது! பங்கு ஏறினால் கால் ஏற வேண்டாமா? தரகு நிறுவனத்துக்குப் போன் செய்தால் "ஐவி விழுந்துவிட்டது சார்" என்ற ஒரே பதில்தான். என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விலையைத் திரையில் யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம் என்றால் இந்தப் பய அளவுகோலை எப்படி நம்புவது?

பழையபேரேடு

பல வருடம் ஆப்ஷன் மேஜையில் இரு பக்க விலை கொடுக்கும் வேலை செய்தவன் நான். மூவர் சொன்னதும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஐவி என்பதை யாரும் நேராக அளப்பதில்லை. சந்தையில் தெரிவது ஆப்ஷனின் விலை மட்டும்தான். "இந்த விலை நியாயம் என்றால் ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுக்கிற எண்தான் ஐவி. இதை எளிதாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. குறியீடு இப்போது நிற்கும் இடத்திலேயே ஒரு காலும் ஒரு புட்டும் சேர்த்து வாங்குங்கள். அதை ஸ்ட்ராடில் என்போம். ஏறினால் கால் காசு கொடுக்கும், விழுந்தால் புட் கொடுக்கும். திசை தேவையே இல்லை, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது மட்டும் முக்கியம். அதனால் அதன் விலையே எதிர்பார்க்கும் நகர்வின் அளவு.

```
ஐவி ≈ ஸ்ட்ராடில் விலை / (0.8 × S × √T)
S = குறியீடு = 5000,  T = ஆண்டுக் கணக்கில் மிச்சக் காலம் = 30/365
ஸ்ட்ராடில் 200 → 17.4%
ஸ்ட்ராடில் 300 → 26.2%
```

குறியீடு 5000-லேயே அசையாமல் நிற்கிறது, ஆனால் ஸ்ட்ராடில் 200-லிருந்து 300-க்கு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு மாதத்தில் 4 சதவீத நகர்வுக்குக் காசு கொடுத்தவர்கள் இப்போது 6 சதவீதத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆப்ஷன் விலை ஏறுவது சொல்லும் செய்தி அவ்வளவுதான்.

தெற்குக்காற்று சொன்ன 16-ல் ஒரு சின்னத் திருத்தம். வகுத்து வரும் 4 சதவீதம் சராசரி நகர்வு அல்ல, திட்ட விலக்கம். மூன்றில் இரண்டு நாள் அந்த எல்லைக்குள் முடியும், மீதி நாள் வெளியே போகும் என்று படிக்க வேண்டும். சராசரி நகர்வு வேண்டுமென்றால் 20-ஆல் வகுக்க வேண்டும். மேலே வந்த 0.8 செய்வது அதைத்தான். விக்ஸ் 20 என்றால் நாளுக்குச் சராசரி 1 சதவீதம். 65 என்றால் 3.25. இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் "விக்ஸ் சொன்ன அளவுக்குச் சந்தை ஆடவே இல்லை" என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்.

தெற்குக்காற்று

சரி சார், 20-ஐ ஏற்றுக்கொள்கிறேன். இத்தனை வருடம் 16-ஐச் சராசரி என்றே நினைத்திருந்தேன். ஆனால் நான் சொன்ன முக்கியமான விஷயம் மாறவில்லையே? காலையில் பயம் 65, மாலையில் 38.

பழையபேரேடு

அங்கேதான் எனக்கு மாறுபாடு. அதற்கு முன் மூன்றாம்படிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவருடைய கணக்கில் ஏமாற்று இல்லை.

தம்பி, முடிய 7 நாள், பிரீமியம் 44, பங்கு 1000. இதைப் பின்னோக்கிப் போட்டால் ஐவி 80 வரும். அந்த வாரத்துக்கு மொத்தம் 11 சதவீதத் திட்ட விலக்கம். இப்போது அதைப் பிரித்துப் பாருங்கள். செய்தி இல்லாத நாளில் அந்தப் பங்கின் ஐவி 35 என்று வைத்தால் நாளுக்கு 2.2 சதவீதம். வாரத்தில் ஐந்து வர்த்தக நாள், அதில் நான்கு சாதாரண நாள். ஏற்ற இறக்கத்தை நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கத்தில்தான் கூட்ட வேண்டும். 11.1-இன் வர்க்கம் 123. நான்கு சாதாரண நாளுக்கு 19 போனால் மிச்சம் 104. அதன் வர்க்கமூலம் 10-க்குச் சற்று மேல். அதாவது முடிவு வரும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் 10 சதவீதத் திட்ட விலக்கம் விலையில் ஏற்றப்பட்டிருந்தது. சராசரி நகர்வாகச் சொன்னால் 8 சதவீதம்.

நீங்கள் 8 சதவீத நகர்வுக்கான விலை கொடுத்தீர்கள், வந்தது 2 சதவீதம். செய்தி வெளியானதும் அந்த ஒரு நாள் கழிந்துவிட்டது, மீதி நாளெல்லாம் சாதாரண நாள், ஐவி 35. அந்த ஐவியில் 6 நாள் மிச்சம் இருக்கும் 1000 கால், பங்கு 1020-ல் இருக்கும்போது கணக்குக்கு 30 வருகிறது. நீங்கள் பார்த்த விலை அதுவேதான். திரையில் யாரும் கை வைக்கவில்லை.

மூன்றாம்படி

இப்படி யாரும் எனக்குப் பிரித்துக் காட்டியதில்லை, சார். சரி, அப்படியென்றால் பங்கு எவ்வளவு ஏறியிருந்தால் எனக்கு நஷ்டம் இல்லாமல் இருந்திருக்கும்?

பழையபேரேடு

மறுநாளே விற்பதாக இருந்தால் 1040-க்குப் பக்கத்தில். கால் மட்டும் வாங்கியதால் ஒரு பக்க நகர்வுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள், அதனால் 8 முழுதாகத் தேவைப்படவில்லை. ஆனால் விழுந்திருந்தால் 44-இல் பெரும்பகுதி போயிருக்கும். வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம், அதற்கு வேண்டிய எல்லா எண்ணும் முந்தைய நாளே திரையில் இருந்தன.

இப்போது ஆகஸ்ட் 5. விக்ஸ் ஒரே ஒரு ஸ்ட்ராடிலைப் பார்த்துப் போடுகிற எண் அல்ல. முடிய 23 நாளுக்கும் 37 நாளுக்கும் இடையில் இருக்கும் எஸ் அண்ட் பி 500 ஆப்ஷன்களை எடுத்து, 30 நாளுக்குச் சரிசெய்கிறார்கள். குறியீட்டுக்குக் கீழே உள்ள புட்களும் மேலே உள்ள கால்களும் வரிசையாக உள்ளே வரும். ஒவ்வொன்றுக்கும் தரும் எடை ஸ்ட்ரைக்கின் வர்க்கத்துக்குத் தலைகீழ். அதனால் வெகு கீழே இருக்கும் புட்களுக்கு எடை அதிகம்.

இதில் ரொம்ப முக்கியமான ஒன்று, பலர் கவனிக்காதது: கணக்கில் போவது கடைசியாகக் கைமாறிய விலை அல்ல. வாங்கக் கேட்கும் விலைக்கும் விற்கச் சொல்லும் விலைக்கும் நடுப்புள்ளி. அங்கே ஒரு வியாபாரம்கூட நடந்திருக்க வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு வெகு கீழே ஒரு புட். சாதாரண நாளில் 2-க்குக் கேட்கிறார்கள், 3-க்குச் சொல்கிறார்கள். நடு 2.5. இப்போது அமெரிக்காவில் விடிகாலை, நிக்கேய் சரிந்திருக்கிறது, மேஜையில் ஆட்கள் குறைவு. விலை கொடுக்கிறவர் என்ன செய்வார்? நானே செய்திருக்கிறேன். கேட்கும் விலையைக் கொஞ்சம் உயர்த்தி 2.5 ஆக்குவார், விற்கும் விலையைத் தூக்கி 15-ல் வைப்பார். "இப்போது என்னிடம் வாங்க வராதே" என்பதற்கான விலை அது. நடுப்புள்ளி 8.75 ஆகிவிட்டது. உண்மையாகக் காசு கொடுக்கத் தயாராக இருந்தவரின் மதிப்பு 2-லிருந்து 2.5-க்கு மட்டும்தான் ஏறியது. விக்ஸ் கணக்கோ அந்தப் புட்டின் விலை மூன்றரை மடங்கு ஆனதாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. கேட்பவரே இல்லாத ஸ்ட்ரைக்குகள் கணக்கில் சேராது. வரிசையாக இரண்டு ஸ்ட்ரைக்கில் கேட்கும் விலை பூஜ்யம் என்றால் அதோடு நிறுத்திவிடுவார்கள். பயந்த நாளில் அந்தத் தூரத்து ஸ்ட்ரைக்குகளிலும் யாரோ ஒரு சின்ன விலை கேட்டு வைப்பார்கள், உடனே அவையும் அகன்ற விலையோடு உள்ளே வந்துவிடும். 65.73 என்பதில் பெரிய பங்கு இந்த வழியில் வந்தது. சந்தை திறந்து ஆட்கள் வந்து இடைவெளி குறைந்ததும் எண் இறங்கியது. பயம் பாதியாகக் கரைந்ததால் மட்டும் வந்த இறக்கம் அல்ல அது.

நாணல்

பழையபேரேடு ஐயா சொன்ன வழிமுறை சரி, ஆனால் முடிவை அவ்வளவு சுலபமாக ஏற்க முடியவில்லை. விலை கொடுக்கிறவர் 15 சொல்கிறார் என்றால் 2.5-க்கு விற்க அவரால் முடியாது என்று பொருள். அதுவும் ஒரு தகவல்தானே? அந்த நேரத்தில் காப்பீடு உண்மையாகத் தேவைப்பட்டவனுக்கு விலை 15. அவனுக்குப் போய் நடுப்புள்ளியையோ 2.5-ஐயோ காட்டுவதில் என்ன பயன்?

பழையபேரேடு

நியாயமான கேள்வி. தகவல்தான், ஆனால் வேறு ஒன்றைப் பற்றிய தகவல். அந்த மணி நேரத்தில் காப்பீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்கிறது. அடுத்த 30 நாளில் குறியீடு எவ்வளவு ஆடும் என்பதை அல்ல. நிழல்மரம் கேட்டது இரண்டாவது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். விக்ஸ் 65 உண்மை என்றால் ஒரு மாத நகர்வு சராசரியாக 15 சதவீதம் வரும். அன்று குறியீடு 5200-ஐ ஒட்டி இருந்தது, ஆக நடு ஸ்ட்ராடில் 780 புள்ளிக்குப் பக்கத்தில் விற்க வேண்டும். நடு ஸ்ட்ரைக்கின் ஐவி எப்போதும் விக்ஸை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், அதையும் விட்டுக்கொடுங்கள். ஆனால் இடைவெளி ரொம்பப் பெரிதாக இருந்தால், எண்ணை ஏற்றியது தூரத்துப் புட்களின் அகன்ற விலை என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொரு சோதனை விக்ஸ் மேல் நடக்கும் ஃபியூச்சர்ஸ். அதில் உண்மையான காசு கைமாறுகிறது. அன்று காலை அது விக்ஸ் ஏறிய அளவில் ஒரு சிறு பங்குதான் ஏறியது.

நாணல்

ஃபியூச்சர்ஸ் சோதனை எனக்குத் திருப்தியாக இல்லை. அது இன்றைய விக்ஸை விற்கவில்லை, சில வாரம் கழித்து முடியும் நாளில் விக்ஸ் எங்கே இருக்கும் என்பதை விற்கிறது. பயம் சீக்கிரம் தணியும் என்று எல்லோரும் நினைத்தாலே ஃபியூச்சர்ஸ் குறைவாக நிற்கும். 2020 மார்ச்சிலும் அது விக்ஸுக்குக் கீழேதான் நின்றது, அந்த பயம் பொய்யா?

பழையபேரேடு

பொய் இல்லை, அங்கே ஒப்பிட வேண்டியது வேறு. 2020 மார்ச் 16 அன்று விக்ஸ் 82.69-ல் முடிந்தது, மாலை நேர எண் அது. 20-ஆல் வகுத்தால் நாளுக்குச் சராசரி 4 சதவீதம். குறியீடு 12-ஆம் தேதி 9.5 சதவீதம் விழுந்தது, 13-ஆம் தேதி 9.3 சதவீதம் ஏறியது, 16-ஆம் தேதி 12 சதவீதம் விழுந்தது. அந்த மூன்று நாளில் நடுநாள் ஏற்றம் என்பதைக் கவனியுங்கள். ஸ்ட்ராடில் வைத்திருந்தவருக்கு அதுவும் நல்ல நாள்தான். எண் சொன்னதை விடச் சந்தையே அதிகம் ஆடிக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்டிலோ மூன்று நாள் கழித்து ஒரு 2.3 சதவீத ஏற்றம் வந்தது, அப்புறம் மெல்ல அடங்கிவிட்டது. முடிவு விலையான 38.57-ஐ 20-ஆல் வகுத்தால் 1.9. அன்றைய மாலை எண்ணே சற்று அதிகமாக இருந்திருக்கிறது, காலை எண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஃபியூச்சர்ஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதைத் தனியாக வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஸ்ட்ராடிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தெற்குக்காற்று

நான் ஒன்று கேட்கலாமா? மாலை எண்கூட அதிகம் என்கிறீர்கள். அப்படியானால் ஆப்ஷன் சந்தை எப்போதும் தப்பாகவே எதிர்பார்க்கிறதா?

பழையபேரேடு

அது எதிர்பார்ப்பு மட்டும் இல்லை என்பதால்தான். புட் என்பது காப்பீடு. விற்கிறவர் நூறு நாள் சின்னச் சின்னக் காசு வாங்கிக்கொண்டு, ஒரு நாள் மொத்தமாக இழக்கும் பொறுப்பை ஏற்கிறார். அதற்குக் கூலி இல்லாமல் யாரும் செய்ய மாட்டார்கள். அதனால் விக்ஸ் நீண்டகாலச் சராசரியில், பின்னால் நடக்கிற உண்மையான ஏற்ற இறக்கத்தை விடச் சில புள்ளிகள் மேலேயே இருந்து வந்திருக்கிறது. விக்ஸ் 20 என்றால் அதில் ஒரு பகுதி எதிர்பார்ப்பு, ஒரு பகுதி கூலி. எவ்வளவு எது என்று அன்றைக்கே பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பதற்ற நாளில் இரண்டும் சேர்ந்தே ஏறும்.

நாணல்

கூலி இருப்பதால் விற்றுக்கொண்டே இருக்கலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 2017 நவம்பர் 3-ல் விக்ஸ் 9.14-ல் முடிந்தது. விக்ஸ் ஏறாது என்ற பந்தயத்தில் பணம் குவிந்தது. 2018 பிப்ரவரி 5-ல் குறியீடு 4.1 சதவீதம் விழுந்தது, விக்ஸ் 17.31-லிருந்து 37.32-க்குப் போனது. முந்தைய நாள் எண்ணை 16-ஆல் வகுத்தால் 1.1. அதில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒரே நாளில். விக்ஸுக்கு எதிர்த்திசையில் ஓடும்படி அமைத்த நிதிப் பொருள்கள் அன்று மாலை தங்கள் கணக்கை நேர் செய்ய ஃபியூச்சர்ஸை வாங்கித் தீர வேண்டிய கட்டாயத்தில் இருந்தன. அந்த வாங்குதலே விலையை இன்னும் தூக்கியது. அதில் பிரபலமான ஒன்று மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்து மூடப்பட்டது. ஆக அங்கேயும் விலையில் ஒரு பகுதி யாருடைய எதிர்பார்ப்பும் இல்லை, கட்டாயம்.

நிழல்மரம்

எல்லோருக்கும் நன்றி, முதல் கேள்வி தெளிவாகிவிட்டது. இன்னும் ஒன்று உறுத்துகிறது. திசை கிடையாது என்கிறீர்கள். ஆனால் சந்தை விழும் நாளில்தான் விக்ஸ் ஏறுகிறது, ஏறும் நாளில் பெரும்பாலும் இறங்குகிறது. திசை இல்லாத எண் ஏன் அப்படி நடந்துகொள்கிறது?

பழையபேரேடு

ஒரு காரணம் உண்மையானது. பங்குக் குறியீடு விழும்போது அதிகமாக ஆடும், ஏறும்போது மெதுவாக ஏறும். இன்னொரு காரணத்தைப் பலர் பயம் என்று தப்பாக எண்ணுகிறார்கள். ஸ்ட்ரைக் கீழே போகப் போக ஐவி அதிகமாக இருக்கும், ஏனென்றால் காப்பீடு கேட்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். குறியீடு 5200, அந்த ஸ்ட்ரைக்கின் ஐவி 18, 5000 ஸ்ட்ரைக்கின் ஐவி 22 என்று வைப்போம். குறியீடு 5000-க்கு இறங்குகிறது. எந்த ஸ்ட்ரைக்கின் ஐவியும் அசையவில்லை. ஆனால் இப்போது நடு ஸ்ட்ரைக் 5000, அதன் ஐவி 22. நான்கு புள்ளி ஏறியதாகத் தெரியும், யாரும் மனம் மாறவில்லை. அதனால் விழுந்த நாளில் நான் முதலில் பார்ப்பது, அதே ஸ்ட்ரைக்கின் ஐவி நேற்றை விட ஏறியதா என்பதைத்தான். ஏறியிருந்தால் அது புதிய பதற்றம்.

நாணல்

அந்த 22 நேற்றே ஏன் அங்கே இருந்தது? "5000-க்கு வந்தால் 22 அளவுக்கு ஆடும்" என்று யாரோ நேற்றே காசு கொடுத்து வைத்ததால். எனக்கு அது முன்கூட்டியே கட்டிய பயம். குறியீடு அங்கே வந்து சேர்ந்ததும் அந்த பயம் நடப்புக்கு வருகிறது. அதைக் கழித்துவிட்டு மிச்சம்தான் பயம் என்று சொல்ல மாட்டேன்.

பழையபேரேடு

இதில் நானும் என்னோடு வேலை செய்தவர்களும் ஒத்துப்போனதே இல்லை. மேஜையில் நட்டக் கணக்குப் பார்க்கும்போது நான் சொன்னபடி பிரிப்பதுதான் உதவியது. சந்தை என்ன நினைக்கிறது என்று வெளியிலிருந்து படிப்பவருக்கு உங்கள் வாதம் பொருந்தலாம்.

மூன்றாம்படி

சார், அடுத்த காலாண்டு முடிவு வரப்போகும் ஒரு பங்குக்கு நீங்கள் சொன்னபடி கணக்குப் போட்டேன். முடிய 10 நாள், ஐவி 62, சாதாரண நாளில் 30 என்று வைத்தேன். பத்து நாளில் ஏழு வர்த்தக நாள், ஆறு சாதாரணம். முடிவு நாளுக்கு மட்டும் 9 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அந்தப் பங்கு கடந்த எட்டு முடிவுகளில் ஒரு முறைதான் 9-ஐத் தாண்டியிருக்கிறது. சரியாகப் போட்டிருக்கிறேனா?

பழையபேரேடு

சரியாகப் போட்டிருக்கிறீர்கள் தம்பி. அந்த 30 எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை மட்டும் பாருங்கள். முடிவுக்குப் பிறகான காலத்தைத் தனியாகப் பிரித்துத் தரும் தூரத்து மாத ஐவியிலிருந்து எடுத்தால் நல்லது. அதை 40 ஆக்கிப் போட்டாலும் முடிவு நாளுக்கு 8 சதவீதத்துக்கு மேல்தான் வரும், பெரிதாக மாறாது. அப்புறம் எட்டு முறை என்பது ரொம்பக் குறைவு. அந்த ஒரு முறை 9-ஐத் தாண்டியபோது எவ்வளவு போனது? 10-ஆ, 25-ஆ?

மூன்றாம்படி

23.